விட்டுப்போகாத வயிற்று உப்புசம்: நாற்பதைக் கடந்த பெண்கள் சினைப்பைப் புற்றுநோயை எப்போது, எப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டும்

நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண் தனக்கு வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது என்றும், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது என்றும் சொன்னால், வீட்டிலும் மருந்துக்கடையிலும் பல நேரங்களில் மருத்துவமனையிலும் அவருக்கு முதலில் கிடைக்கும் விடை ‘கேஸ்’ என்பதுதான். பெரும்பாலான பெண்களுக்கு அந்த விடை சரியாகவே இருக்கும். இத்தகைய தொந்தரவுகளுடன் வரும் நூறு பெண்களைச் சோதித்தால், சுமார் ஒருவருக்குத்தான் சினைப்பைப் புற்றுநோய் இருக்கும். அந்த ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்தறியும் முறை எளிமையானது. அதைத் தொடங்க ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் போதும். ஆனால் அந்தச் சோதனை வரை போகாமல், இரைப்பைக்கான மாத்திரைகளை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. எந்த உப்புசத்தைச் சந்தேகிக்க வேண்டும், எதை எழுதி வைக்க வேண்டும், மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், வந்த முடிவை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி வரிசையாகச் சொல்கிறது.

சினைப்பையில் வரும் நோய் வயிற்றுக் கோளாறாகத் தெரிவது ஏன்

இதைப் புரிந்துகொண்டால் பிறகு சொல்லப்போகும் படிகள் அனைத்தும் தாமாகவே விளங்கும் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். சினைப்பை என்பது கர்ப்பப்பையின் இருபுறமும் இருக்கும், பாதாம் பருப்பைவிடச் சற்றே பெரிய உறுப்பு. மாதவிடாய் நின்ற பிறகு அது இன்னும் சுருங்கிவிடும். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் தளர்வான இடத்தில் அது இருப்பதால், அங்கே ஒரு கட்டி வளரத் தொடங்கினால் அருகிலுள்ள எதையும் அழுத்தாமலே கணிசமான அளவுக்கு வளர முடியும். மார்பகக் கட்டியைப் போல அதைக் கையால் தொட்டு உணர முடியாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் போல ரத்தக்கசிவும் பொதுவாக முன்கூட்டி எச்சரிக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சினைப்பைப் புற்றுநோயில் மிக அதிகமாகக் காணப்படும் வகை, உண்மையில் பெரும்பாலும் கருக்குழாயின் விரல் போன்ற நுனிப் பகுதியில்தான் தொடங்குகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நுனி வயிற்றறைக்குள் திறந்திருக்கிறது. அங்கே உருவாகும் புற்றணுக்கள் ரத்தத்திலோ நிணநீரிலோ கலந்து பயணிக்க வேண்டிய தேவையில்லாமல், நேராக வயிற்றறைக்குள் உதிர்ந்து, குடல்களுக்கு இடையில் இயல்பாகவே சுற்றிக்கொண்டிருக்கும் சிறிதளவு திரவத்தோடு மேலே ஏறி, குடல்களின் முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையிலும் வயிற்றறையின் உள்ளுறையிலும் உதரவிதானத்தின் அடிப்பக்கத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கொழுப்புத் திரையைத்தான் ஸ்கேன் அறிக்கைகளில் ஓமெண்டம் என்று குறிப்பிடுவார்கள்.

அவை ஒட்டிக்கொள்ளும் இடங்களே அறிகுறிகளையும் தீர்மானிக்கின்றன. கொழுப்புத் திரை தடித்து இரைப்பையை அழுத்தும்போது, பாதித் தட்டிலேயே வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடுகிறது. உதரவிதானத்தின் வழியாக வடிய வேண்டிய திரவம் வடியாமல் தடைபடுவதாலும், கட்டி புதிய திரவத்தைக் கசிய வைப்பதாலும், வயிற்றில் நீர் கோத்து வயிறு பெரிதாகிறது. குடலின் வெளிப்பரப்பில் படியும்போது மலச்சிக்கலும் இரைச்சலும் உண்டாகின்றன. இடுப்புக்குள் இருக்கும் கட்டி சிறுநீர்ப்பையை அழுத்தினால், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுகிறது. அடிவயிற்றில் கனமும் மந்தமான வலியும் இருக்கும். ஆக, அந்தப் பெண் சொல்வது எல்லாமே வயிற்றைப் பற்றியதாக இருக்கும். சினைப்பையைச் சுட்டும் சொல் ஒன்றுகூட அதில் வராது.

இந்த நோயை எந்த அறிகுறியும் காட்டாமல் வளரும் நோய் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த பார்பரா காஃப் என்னும் மருத்துவர், நோய் உறுதியான 1,725 பெண்களிடம் விசாரித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் 95 சதவீதத்தினர் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தங்களுக்குத் தொந்தரவுகள் இருந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அறிகுறி இல்லாமல் இல்லை. அது வேறு நோயின் பெயரில் கவனிக்கப்பட்டிருந்தது.

முதல் படி: உங்கள் உப்புசம் எந்த வகை என்று பார்ப்பது

வலியின் கடுமையை வைத்து இந்த நோயை அளக்கக் கூடாது. ஆரம்பத்தில் தொந்தரவு மிகவும் லேசாகவே இருக்கும். பார்க்க வேண்டியவை மூன்று: அது புதிதாக வந்ததா, அடிக்கடி வருகிறதா, விட்டுப்போகாமல் இருக்கிறதா.

காஃபும் அவருடைய குழுவினரும் 2007இல் இதை ஒரு கணக்காகவே அமைத்துக் கொடுத்தார்கள். வயிறு உப்புதல் அல்லது வயிற்றின் சுற்றளவு கூடுதல், விரைவில் வயிறு நிறைந்துவிடுதல் அல்லது சாப்பிடச் சிரமம், அடிவயிற்றிலோ வயிற்றிலோ வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று, கடந்த ஓர் ஆண்டுக்குள் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் இருந்தால், அதைச் சோதிக்க வேண்டிய அறிகுறியாகக் கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுதலும் 2011 முதல் ஏறக்குறைய இதே எல்லையை வைத்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவதையும் பட்டியலில் சேர்த்து, குறிப்பாக 50 வயதைக் கடந்தவர்களுக்கு உடனே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது.

இருபது வயதிலிருந்தே பருப்பும் கிழங்கும் சாப்பிட்டால் வயிறு ஊதும் ஒருவருக்கு, நாற்பத்தைந்திலும் அப்படியே ஊதுவதில் புதிய செய்தி எதுவும் இல்லை. சாப்பாட்டைப் பொறுத்து வந்து, ஏப்பம் விட்டாலோ காற்றுப் பிரிந்தாலோ மலம் கழித்தாலோ குறைந்து, மறுநாள் காலையில் வயிறு பழையபடி தட்டையாகிவிடும் உப்புசம் பெரும்பாலும் குடலைச் சேர்ந்தது. அதற்கு மாறாக, காலையில் எழும்போதே வயிறு உப்பியிருக்கிறது, எதைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அப்படியேதான் இருக்கிறது, வாரத்துக்கு வாரம் கூடுகிறது என்றால் அது வேறு. பாவாடை நாடாவை முன்பு முடிந்த இடத்தில் முடிய முடியவில்லை, ஆனால் ரவிக்கையோ தோளிலும் கையிலும் தொளதொளவென்று ஆகிவிட்டது என்று சொல்லும் பெண்ணின் பேச்சை நான் மிகவும் கவனமாகக் கேட்பேன். உடல் மெலிகையில் வயிறு மட்டும் பெருப்பது, கொழுப்பினாலும் காற்றினாலும் வரும் மாற்றம் அன்று.

ஐம்பதுக்குப் பிறகு முதன்முறையாக ‘எரிச்சல் குடல் நோய்’ என்று பெயர் சூட்டப்பட்டாலும் சந்தேகம் கொள்ளுங்கள். அந்த நோய் பொதுவாக இளம் வயதிலேயே தொடங்கிவிடும்; ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது அரிது. ஆகவே சினைப்பையைச் சோதிக்காமல் அந்தப் பெயரை ஏற்கக் கூடாது.

இரண்டாம் படி: இரண்டு முதல் நான்கு வாரம் எழுதி வைப்பது

மருத்துவரிடம் ‘எப்போதும் வயிறு ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்று சொன்னால், அவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. நாட்காட்டியின் ஓரத்திலேயே குறித்தால் போதும். அன்று உப்புசம் இருந்ததா, வழக்கமான சாப்பாட்டில் எவ்வளவு சாப்பிட முடிந்தது, அடிவயிற்றில் கனமோ வலியோ இருந்ததா, சிறுநீருக்காக எத்தனை முறை போக வேண்டியிருந்தது என்ற நான்கைக் குறியுங்கள். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் தையல் நாடாவால் சுற்றளவும் எடையும் பாருங்கள். எடை கூடாமல் சுற்றளவு மட்டும் கூடுவது, பேச்சால் விளக்க முடியாத ஒன்றை மருத்துவருக்குத் தெளிவாகக் காட்டிவிடும்.

இந்தக் காலத்தில் புதிதாகத் தொடங்கிய மருந்துகளையும் குறியுங்கள். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் பலருக்கு உப்புசத்தையும் பசியின்மையையும் உண்டாக்கும். மாத்திரை தொடங்கிய வாரமும் உப்புசம் தொடங்கிய வாரமும் ஒன்றாக இருந்தால் அது ஒரு முக்கியமான துப்பு. தைராய்டு குறைபாட்டால் வரும் மலச்சிக்கலும் இதே போலத் தோன்றக்கூடும்.

ஆனால் சிலர் எழுதி முடிக்கும் வரை காத்திருக்கலாகாது. அடிவயிற்றில் கையில் தட்டுப்படும் கட்டி, சில வாரங்களுக்குள் வெளிப்படையாகப் பெருத்த வயிறு, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, காரணமின்றி எடை குறைதல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று தாங்க முடியாத அடிவயிற்று வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பைக் கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

குறிப்புகளைக் காட்டிவிட்டு, மூன்று செய்திகளைக் கேட்காமலே சொல்லுங்கள். முதலாவது, மாதவிடாய் நின்றுவிட்டதா, நின்று எவ்வளவு காலம் ஆயிற்று என்பது. இரண்டாவது, குடும்பத்தில் சினைப்பை, மார்பகம், பெருங்குடல், கர்ப்பப்பை ஆகியவற்றில் யாருக்காவது புற்றுநோய் வந்ததா என்பது. இதில் அம்மா வழியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம். அத்தைக்கும் அப்பாவின் அம்மாவுக்கும் வந்ததும் அதே அளவு முக்கியம், ஏனென்றால் இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் மரபணுக் குறைபாடு தந்தை வழியாகவும் வரும்.

மூன்றாவது, முன்பு நடந்த அறுவை சிகிச்சை. நம் ஊர்களில் நாற்பதுகளிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்கள் ஏராளம். கர்ப்பப்பை இல்லாததால் இனி அந்தப் பக்கம் நோயே வராது என்று அவர்கள் நம்புகிறார்கள். பல அறுவை சிகிச்சைகளில் கர்ப்பப்பையை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பைகளை விட்டுவைத்திருப்பார்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அதன்பின் நேரடியாகவே கேட்கலாம்: “டாக்டர், இது சினைப்பையால் வந்திருக்குமா என்று பார்க்க ஒரு ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொள்ளலாமா?” சிஏ-125 என்பது சினைப்பைப் புற்றுநோயில் பலருக்கு ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். இப்படிக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இரைப்பைக்கான மாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்டால், அதைச் சாப்பிடலாம். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் அடுத்து என்ன என்பதை அன்றே கேட்டு வாருங்கள்.

நான்காம் படி: இரண்டு பரிசோதனைகள்

இங்கிலாந்தில் முதலில் ரத்தப் பரிசோதனையைச் செய்து, அது கூடியிருந்தால்தான் ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் சிறு நகரங்களில்கூட அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எளிதில் கிடைப்பதால், இரண்டையும் சேர்த்தே செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. காரணம், ஆரம்ப நிலையில் இருக்கும் சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு சிஏ-125 கூடியிருக்காது.

ஸ்கேன் இரண்டு விதமாக எடுக்கப்படும். வயிற்றின் மேல் வைத்து எடுப்பதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். யோனி வழியாக மெல்லிய கருவியைச் செலுத்தி எடுப்பதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். இரண்டாவது முறைதான் சினைப்பையைத் தெளிவாகக் காட்டும். கூச்சத்தினால் பலர் அதை மறுத்துவிடுகிறார்கள். பெண் மருத்துவர் எடுக்கும் இடத்தைக் கேட்டுப் போவதும், உடன் ஒரு பெண்ணை அழைத்துச் செல்வதும் அந்தக் கூச்சத்தைக் குறைக்கும். சீட்டில் வயிறு, இடுப்புப் பகுதி இரண்டுமே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மேல்வயிற்றை மட்டும் பார்த்து, ஈரலில் கொழுப்பு என்று எழுதி அனுப்பிய அறிக்கை, சினைப்பையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

எண்டோஸ்கோப்பி குறித்தும் இங்கே சொல்ல வேண்டும். அது உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகியவற்றின் உள்பக்கத்தை மட்டும் காட்டுகிறது. இரைப்பைக்கு வெளியே இருந்து அழுத்தும் எதுவும் அதில் தெரியாமல் போகலாம். ‘லேசான அழற்சி, மற்றபடி இயல்பு’ என்ற எண்டோஸ்கோப்பி முடிவு கையில் வந்ததும் நிம்மதியடைந்து சோதனையை அத்தோடு நிறுத்திவிடுவது, நோய் கண்டறிவது தள்ளிப்போவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஐந்தாம் படி: முடிவைப் படிப்பது

சிஏ-125 அளவு 35க்குக் கீழே இருந்தால் இயல்பு என்று அறிக்கையில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைத் தனியாக வைத்துப் பயப்படவும் கூடாது, நிம்மதியடையவும் கூடாது. மாதவிடாய் நாட்களில் அது கூடும். கர்ப்பப்பைத் தசைக்கட்டி, கர்ப்பப்பையின் உள்ளுறை போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், இடுப்புப் பகுதித் தொற்று, ஈரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு, வயிற்றுக் காசநோய் ஆகிய எல்லாவற்றிலும் கூடும். எனவே வயது, ஸ்கேன், ரத்த அளவு மூன்றையும் சேர்த்துப் பார்க்க, 1990இல் லண்டனில் இயன் ஜேக்கப்ஸ் குழுவினர் ஒரு பெருக்கல் கணக்கை வகுத்தார்கள். ஆபத்துக் குறியீடு என்று அழைக்கப்படும் அந்தக் கணக்கு இன்றும் பயன்படுகிறது:

ஸ்கேன் மதிப்பு × மாதவிடாய் மதிப்பு × சிஏ-125 அளவு

ஸ்கேனில் ஐந்து அம்சங்களைப் பார்க்கிறார்கள்: கட்டிக்குள் பல அறைகள், திடமான பகுதிகள், இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடங்களில் பரவிய அடையாளம். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் மதிப்பு 0, ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. கர்ப்பப்பை எடுக்கப்பட்டவராக இருந்தால் 50 வயதைக் கடந்தவரை நின்றவராகவே கொள்வார்கள். விடை 200ஐயோ 250ஐயோ தாண்டினால், பெண்களுக்கான புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். எந்த எல்லை என்பது வழிகாட்டுதலுக்கு வழிகாட்டுதல் மாறும்.

இதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். இது பல நோயாளிகளிடம் காணப்படும் போக்கைச் சேர்த்து அமைத்தது. தனி ஒருவரின் கதை அன்று. 54 வயதுப் பெண். மாதவிடாய் நின்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. நான்கு மாதமாக உப்புசம். இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. கேஸ் மாத்திரை ஆறு வாரம், பிறகு எண்டோஸ்கோப்பி. அதில் லேசான அழற்சி. குறிப்பேட்டில் மாதத்துக்கு 22 நாள் உப்புசம், சுற்றளவு நான்கு வாரத்தில் 3 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது, எடையோ ஒரு கிலோ குறைந்திருக்கிறது. ஸ்கேனில் வலது சினைப்பையில் பல அறைகளும் திடப்பகுதியும் கொண்ட கட்டி, வயிற்றில் சிறிது நீர். மூன்று அம்சங்கள் இருப்பதால் ஸ்கேன் மதிப்பு 3. மாதவிடாய் மதிப்பு 3. சிஏ-125 அளவு 142. பெருக்கினால் 1,278. இவர் தாமதமின்றி நிபுணரிடம் போக வேண்டியவர்.

அதே 142, மாதவிடாய் ஒழுங்காக வரும் 42 வயதுப் பெண்ணுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மாதவிடாயின்போது கடும் வலி உண்டு. ஸ்கேனில் ஒரு பக்கத்தில் மட்டும், இரண்டு அறைகள் கொண்ட, திடப்பகுதி எதுவும் இல்லாத நீர்க்கட்டி. 1 × 1 × 142 என்பதால் விடை 142. எண்டோமெட்ரியோசிஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மகளிர் மருத்துவர் தொடர்ந்து கவனிப்பார்.

இந்தக் கணக்கு எங்கே வழுக்கும் என்பதையும் பாருங்கள். முதலில் சொன்ன 54 வயதுப் பெண்ணுக்கு அதே ஸ்கேன் இருந்து, சிஏ-125 மட்டும் 20 ஆக இருந்திருந்தால், 3 × 3 × 20 என்று விடை 180 தான் வரும். எண் எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்ணின் சினைப்பையில் திடப்பகுதியும் வயிற்றில் நீரும் இருப்பதை எந்த அனுபவமுள்ள மருத்துவரும் விட்டுவிட மாட்டார். ஸ்கேன் படம் சந்தேகத்துக்குரியது என்று எழுதப்பட்டிருந்தால், எண் குறைவாக இருந்தாலும் நிபுணரிடம் போங்கள்.

ஆறாம் படி: கட்டி தெரிந்தபின் செய்யக் கூடாதவை

ஸ்கேனில் சந்தேகத்துக்குரிய கட்டி தெரிந்ததும் பதற்றத்தில் எடுக்கும் முடிவுதான் பின்னர் வரும் சிகிச்சையை அதிகம் பாதிக்கிறது. ஊசி போட்டு நீரை உறிஞ்சிச் சோதிக்கலாம் என்று யாரேனும் சொன்னால், சினைப்பைக்குள் மட்டும் இருக்கும் கட்டிக்கு அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. உறைக்குள் அடங்கியிருந்த புற்றணுக்கள் அந்தத் துளை வழியாக வயிற்றறைக்குள் சிந்திவிடலாம். அப்படிச் சிந்தினால் நோயின் நிலையே ஒரு படி உயர்ந்து, தேவைப்படாமல் இருந்திருக்கக்கூடிய கீமோதெரபி தேவைப்பட்டுவிடும். நோய் சினைப்பைக்குள் அடங்கியிருக்கும்போது சிகிச்சை பெறுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். தொலைவுக்குப் பரவியபின் அது பத்தில் மூவர் என்ற அளவுக்குக் குறைகிறது. உடையாத உறைக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. ஏற்கெனவே வயிறு முழுக்க நீர் கோத்து மூச்சு வாங்குபவருக்கு அந்த நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது வேறு. அது நியாயமான சிகிச்சை.

அதேபோல, நீர்க்கட்டிதான் என்று சொல்லி அருகிலுள்ள மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி மூலம் துண்டுபோட்டு எடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் புற்றுநோய் என்று அறிக்கை வருவதும் நடக்கிறது. சந்தேகம் இருந்தால், கட்டியை உடையாமல் முழுதாக எடுக்கவும், அறுவை நடக்கும்போதே திசுவைச் சோதிக்கவும், தேவைப்பட்டால் அந்த அமர்விலேயே கர்ப்பப்பை, இரு சினைப்பைகள், கொழுப்புத் திரை ஆகியவற்றை எடுத்து நோய் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கவும் வல்ல குழு இருக்கும் இடம் தேவை. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சிஎம்சி, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை அத்தகைய இடங்கள். இலங்கையில் மகரகம அபேக்ஷா மருத்துவமனையும் யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையும் உண்டு. போகும்போது ஸ்கேன் அறிக்கையோடு படங்களையும், பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகளையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஏழாம் படி: காசநோயையும் மறக்காதிருப்பது

வயிற்றில் நீர், தடித்த கொழுப்புத் திரை, பல நூறைத் தொடும் சிஏ-125 என்று எல்லாமே பரவிய சினைப்பைப் புற்றுநோயைப் போலவே இருந்து, கடைசியில் வயிற்றுக் காசநோய் என்று தெரியவருவது நம் நாட்டில் புதிதல்ல. மாலைக் காய்ச்சல், குடும்பத்தில் யாருக்காவது காசநோய், இளைய வயது ஆகியவை அந்தப் பக்கம் சுட்டும். ஆனால் ஸ்கேனை மட்டும் வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. பரவியதுபோல் தெரியும் நோயில், கொழுப்புத் திரையிலிருந்தோ வயிற்றுள்ளுறையிலிருந்தோ சிறு திசுவை எடுத்துச் சோதித்தபின்தான் கீமோதெரபி தொடங்க வேண்டும். திசு அறிக்கை வரும் வரையிலான அந்தச் சில நாட்களை வீண் தாமதம் என்று எண்ண வேண்டாம். ஆறு மாத மருந்தில் குணமாகக்கூடிய ஒருவருக்குப் புற்றுநோய் சிகிச்சை போய்விடாமலும், புற்றுநோய் உள்ளவருக்குக் காசநோய் மாத்திரையிலேயே மாதங்கள் போய்விடாமலும் காப்பது அந்த அறிக்கைதான்.

எல்லாம் இயல்பு என்று வந்துவிட்டால்

பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் வரும். அப்போது குடல், தைராய்டு, மருந்துகள், உணவு என்று மற்ற காரணங்களைத் தேடுவது முறை. ஆனால் கருக்குழாய் நுனியில் தொடங்கும் வகை, சினைப்பையைப் பெரிதாக்காமலே வயிற்றறையில் பரவக்கூடியது என்பதால், ஒரு முறை எடுத்த ஸ்கேன் நிரந்தரச் சான்றிதழ் ஆகாது. தொந்தரவு நீடித்தாலோ கூடினாலோ ஒரு மாதம் கழித்து மீண்டும் மருத்துவரைப் பாருங்கள். சிஏ-125ஐ அதே ஆய்வகத்தில் மறுபடி எடுத்து, அளவு ஏறுகிறதா என்று ஒப்பிடுங்கள். தேவையானால் சிடி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்கள் ஆண்டுதோறும் இதே சோதனைகளைச் செய்துகொள்வது வேறு விஷயம். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து 2021இல் முடிவை வெளியிட்ட ஆய்வில், அத்தகைய வழக்கமான சோதனை இறப்பைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. முழு உடல் பரிசோதனைப் பொதியில் சிஏ-125 சேர்க்கப்பட்டிருப்பதால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. தேவையற்ற பயமும் அறுவையும் வரலாம்.

நோய் உறுதியானால் குடும்பத்தினர் செய்ய வேண்டியது

கருக்குழாய் நுனியில் தொடங்கும் இந்த வகைப் புற்றுநோய் உறுதியான ஒவ்வொரு பெண்ணுக்கும், குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் வந்திருக்காவிட்டாலும், பிராகா-1, பிராகா-2 எனப்படும் இரண்டு மரபணுக்களைச் சோதிக்கச் சொல்கிறார்கள். அந்த முடிவு அவருக்கான மருந்துத் தேர்வையும் மாற்றும். குறைபாடு இருப்பதாகத் தெரிந்தால், அவருடைய மகள், மகன், உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அது இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. அதற்கான ரத்தப் பரிசோதனையை மரபணு ஆலோசகரைப் பார்த்தபின் செய்துகொள்ளலாம். குறைபாடு உள்ள பெண்களுக்கு, குழந்தைப்பேறு முடிந்தபின் கருக்குழாய்களையும் சினைப்பைகளையும் முன்கூட்டியே அகற்றிக்கொள்ளும் அறுவை சிகிச்சை, முதல் மரபணுவில் குறைபாடு இருந்தால் 35 முதல் 40 வயதுக்குள்ளும், இரண்டாவதில் இருந்தால் 40 முதல் 45க்குள்ளும் பரிந்துரைக்கப்படுகிறது. எனவே நோயாளியின் மரபணு அறிக்கையின் நகல் ஒன்றை அக்கா தங்கைகளும் மகள்களும் தங்கள் கோப்பிலும் வைத்துக்கொண்டு, அடுத்த முறை மகளிர் மருத்துவரைப் பார்க்கும்போது காட்ட வேண்டும்.